மாடி ரூமுக்கு எந்தக் கட்டம்

கோவையில் வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவனிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பட்டறைக்காரர்கள். பம்புக்கு உதிரிபாகம் கடைகிறவர், வார்ப்படம் ஊற்றுகிறவர், கிரைண்டருக்குக் கல் கொத்துகிறவர். நான் பட்டயக் கணக்காளர் இல்லை, வரி ஆலோசகர்தான். ஆனாலும் காந்திபுரம் பக்கம் ஒரு மேஜையும் கணினியும் போட்டு உட்கார்ந்துவிட்டால் எல்லாருக்கும் நீங்கள் ‘ஆடிட்டருங்க’ தான், திருத்தியும் பிரயோசனமில்லை. சில வருடங்களாக இந்தக் கூட்டத்தோடு இன்னொரு வகையினரும் வருகிறார்கள். பிள்ளைகள் பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ போய்விட, காலியான மாடி அறையை இணையத்தில் ஹோம்ஸ்டே என்று போட்டு நாள் வாடகைக்கு விடுகிறவர்கள்.

இந்த ஊரில் அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டமே இல்லை. ஊட்டிக்கு மலை ஏறுமுன் ஒரு ராத்திரி தங்குகிறவர்கள் உண்டு. மகாசிவராத்திரிக்கு வெள்ளியங்கிரி அடிவாரத்துக்கு வருகிற கூட்டத்துக்கு வடவள்ளி, பேரூர், ஆலாந்துறை வரைக்கும் அறை தேவைப்படும். கண் அறுவைக்கும் எலும்பு அறுவைக்கும் கேரளத்திலிருந்து வருகிற நோயாளியோடு துணைக்கு வந்தவர் இரண்டு மூன்று நாள் எங்காவது தலை சாய்க்க வேண்டும். கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர், கொடிசியா கண்காட்சிக்கு வருகிறவர், முகூர்த்த நாளில் கல்யாண வீட்டார் என்று வருடம் முழுக்க ஏதாவது ஒரு கூட்டம் வந்துகொண்டே இருக்கும். அறை நிறைந்துவிடுகிறது. கணக்குதான் நிற்பதில்லை.

வடவள்ளியில் ஓர் அம்மா. அரசுக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் தனிப் படிக்கட்டோடு ஓர் அறை, ஏசி, குளியலறை. ஒரு நாளைக்கு 1,800 ரூபாய். காலைக்கு இட்லியோ பொங்கலோ கீழிருந்து போகும். அவர் கேட்ட முதல் கேள்வியைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

“ஏனுங்க, வூட்டுல ஒரே ஒரு ரூமு. இதுக்குப் போயி ஜிஎஸ்டி நம்பர் எடுக்கோணுங்களா? ஆன்லைன்ல வித்தா கட்டாயமுன்னு எங்க கொழுந்தனாரு சொல்றாருங்க.”

கொழுந்தனார் சொன்னதில் பாதி சரி. ஜிஎஸ்டி சட்டத்தின் 24-வது பிரிவு, இணையத் தளம் வழியாக விற்கிற பலரையும் வரவு எவ்வளவு என்று பார்க்காமல் பதிவு செய்யச் சொல்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் பலர் பயப்படுகிறார்கள். ஆனால் சேவை தருகிறவர்களுக்கு 2017 நவம்பர் 15-ஆம் தேதியே ஒரு விலக்கு அறிவிப்பு வந்துவிட்டது. ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை, தளம் வழியாகச் சேவை தந்தாலும் பதிவு வேண்டாம். அறை வாடகைக்கு விடுவது சேவை. அந்த அம்மாவின் அறை வருடத்தில் மூன்றரை லட்சம் சுற்றித்தான் வருகிறது. பென்ஷனை இதில் சேர்க்க வேண்டியதில்லை, அது யாருக்கும் சேவை விற்று வந்த பணம் அல்ல. ஆகவே அவருக்குப் பதிவு வேண்டாம்.

பதிவு வேண்டாம் என்றால் வரியே இல்லை என்று அர்த்தமில்லை. விருந்தினர் வரி கட்டத்தான் கட்டுகிறார். அதை அரசிடம் சேர்க்க வேண்டியது யார் என்பதுதான் விஷயம். 9-வது பிரிவின் 5-வது உட்பிரிவு, சில சேவைகளுக்கு இந்தப் பொறுப்பைத் தளத்தின் தலையில் வைக்கிறது. விருந்தினர் இல்லம், விடுதி வகைத் தங்கல் அந்தப் பட்டியலில் உண்டு. அறைக்காரர் பதிவு செய்ய வேண்டிய நிலையில் இல்லாவிட்டால், தளமே விருந்தினரிடம் வரியை வாங்கி, தன் பெயரிலேயே கட்டிவிட வேண்டும். 2025 செப்டம்பர் 21 வரை அந்த 1,800 ரூபாய் அறைக்கு 12 சதவீதம், அதாவது விருந்தினர் 2,016 ரூபாய் கொடுத்தார். மறுநாளிலிருந்து நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 5 சதவீதம் ஆனது. 1,890 ரூபாய் போதும். இரண்டு கட்டத்திலும் அம்மாவுக்கு உரியது 1,800 தான். இந்தப் பழைய விகிதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2022 ஜூலை 17 வரை ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு வரியே கிடையாது. அந்தக் காலத்து நினைப்பில், 950 ரூபாய் போட்டால் வரி வராது என்று இன்னமும் விலை குறைத்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வீண் குறைப்பு.

அம்மாவின் விஷயம் இப்படி எளிதாக முடிந்தது. சிக்கல் வருவது அறையைப் பார்த்து முடிவெடுக்கிறவர்களுக்கு. ஜிஎஸ்டி அறையைப் பார்ப்பதில்லை, பான் எண்ணைப் பார்க்கிறது. அந்த எண்ணின் கீழ் நாடு முழுக்க நடக்கிற வியாபாரம் எல்லாம் ஒரே கூட்டலில் வரும்.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் பல வருடமாக என்னிடம் வருகிறார். வரவு 70 லட்சத்துக்கு மேல், ஜிஎஸ்டி பதிவு உண்டு. சரவணம்பட்டியில் தன் பெயரில் ஒரு ஃபிளாட் வாங்கி, ஐடி கம்பெனிக்கு வருகிறவர்களுக்காக இணையத்தில் போட்டார். தளம் ஜிஎஸ்டி நம்பர் கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். “அது பட்டறை நம்பருங்களே, இதுக்கு எதுக்கு?” என்பது அவர் வாதம். காலியாக இருந்ததால் தளம் அவரைப் பதிவில்லாதவர் என்று எடுத்துக்கொண்டு, வரியைத் தானே கட்டிக்கொண்டிருந்தது. ஆனால் 20 லட்சம் தாண்டியவருக்கு 9(5) பொருந்தாது. அவரேதான் கட்ட வேண்டும். வரி அரசுக்குப் போய்விட்டது, ஆனால் தவறான கையால் போயிருக்கிறது. சட்டப்படி இவரிடம் மறுபடி கேட்க வழி உண்டு, தளம் கட்டியதைத் தளம்தான் திரும்பக் கேட்க வேண்டும். ஐந்து மாதத்திலேயே கண்ணில் பட்டதால் தொகை சிறியது. வட்டியோடு கட்டி, தளத்தில் நம்பரைச் சேர்த்து, ஃபிளாட்டைக் கூடுதல் தொழில் இடமாகப் பதிவில் ஏற்றினோம். இப்போது விருந்தினர் தரும் 5 சதவீதம் தளம் வழியாக அவர் கைக்கு வருகிறது, அவர் தன் மாத ரிட்டர்னில் கட்டுகிறார். அதில் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. ஃபிளாட்டுக்கு வாங்கிய ஏசிக்கும் மெத்தைக்கும் கட்டிய ஜிஎஸ்டியைக் கழிக்கலாம் என்ற அவர் கணக்கு அங்கே நின்றது. தளம் அரை சதவீதம் டிசிஎஸ் பிடிக்கும். அது அவருடைய ஜிஎஸ்டி கணக்கில் தெரியும், எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு: தளம் மாதாமாதம் இவர் வரவைத் துறைக்குத் தனியாகச் சொல்கிறது. இவர் ரிட்டர்னில் அது இல்லாமல் போனால், இரண்டும் ஒட்டாதது கணினிக்கே தெரிந்துவிடும்.

அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் மளிகைக்கடைக்காரருடையது. கடை வரவு வருடம் 32 லட்சம். பொருள் மட்டும் விற்கிறவருக்குத் தமிழ்நாட்டில் 2019 ஏப்ரலிலிருந்து வரம்பு 40 லட்சம் என்பதால் அவருக்குப் பதிவு இல்லை, சரிதான். ஆனால் அந்த 40 லட்சம் ‘பொருள் மட்டும்’ விற்கிறவருக்கான சலுகை. மாடி அறையில் ஒரு விருந்தினரைத் தங்க வைத்ததும் அவர் சேவையும் தருகிறவர் ஆகிவிடுகிறார். வரம்பு 20 லட்சத்துக்கு இறங்குகிறது, கடை வரவு 32 லட்சம் ஏற்கெனவே அதற்கு மேல் நிற்கிறது. முப்பது நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், கடைச் சரக்குக்கும் வரி போட வேண்டும். ஒரு மாதத்தில் ஆறாயிரம் ரூபாய் வருகிற அறைக்காக 32 லட்சம் வியாபாரத்தை வரிக்குள் இழுத்துவிடுகிறார். அவரிடம் நான் சொன்ன யோசனை எளிது. வீடு மனைவி பெயரில் இருந்தது. அறையை மனைவியே, அவர் பானில், அவர் வங்கிக் கணக்கில், உண்மையிலேயே அவரே பார்த்துக்கொண்டு நடத்தட்டும். பெயர் மட்டும் மனைவியுடையது, பணம் கடைக் கணக்குக்குப் போகிறது என்றால் அது வேஷம், நிற்காது. அவர் வீட்டில் அறையைக் கூட்டித் துடைத்து, விருந்தினரிடம் பேசிக்கொண்டிருந்தது எப்போதும் மனைவிதான். ஆகவே காகிதம் நடப்புக்கு ஒத்துப்போனது.

பதிவு என்றால் ஜிஎஸ்டி மட்டும் இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை வரை, உரிமையாளர் அந்த வீட்டிலேயே குடியிருந்தால், விண்ணப்பித்து வெள்ளி, தங்கம் என்று தரம் வாங்கலாம். அதற்கும் வரிக்கும் சம்பந்தமில்லை, விளம்பரத்துக்கு உதவும். இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது வெளிநாட்டு விருந்தினர் விஷயத்தில். வெள்ளியங்கிரி அடிவாரத்து ஆசிரமத்துக்கு வருகிறவர்களில் வெளிநாட்டார் நிறைய. வெளிநாட்டார் ஒருவர் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைக் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் ஏற்றிவிட வேண்டும். எல்லாரும் ‘சி ஃபார்ம்’ என்றுதான் சொல்வார்கள். பாஸ்போர்ட், விசா பக்கங்களின் படம் வந்ததும் வாங்கி வைக்கச் சொல்வேன். ஒரு ராத்திரிதானே என்று விட்டவரின் வீட்டுக்கு போலீஸ் வந்தால், வரிக் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உதவாது.

இனி வருமான வரி. அம்மாவின் 2025-26 கணக்கை அப்படியே வைத்துப் பார்ப்போம்.

வருடத்தில் 200 இரவு அறை நிறைந்தது. 1,800 வீதம் 3,60,000 ரூபாய். தளம் அவரிடம் 3 சதவீதக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியுமாக 12,744 ரூபாய் பிடித்துக்கொண்டு, 3,47,256 ரூபாயை வங்கியில் போட்டது. விருந்தினர்கள் கொடுத்த மொத்தமோ இரண்டையும்விடப் பெரியது, ஏனென்றால் அதில் அரசின் வரி இருக்கிறது. அவர் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, “இதுதானுங்க வந்துச்சு” என்றார். நான் பாஸ்புக்கை மூடி வைத்துவிட்டு தளத்தின் ஆண்டு வரவு அறிக்கையைத் தரவிறக்கச் சொன்னேன். வருமானம் தொடங்குவது 3,60,000-த்தில். தளத்தின் கட்டணம் செலவு. செலவைக் கழிக்கலாமா என்பது அடுத்து வரும் கேள்விக்கு என்ன பதில் என்பதைப் பொறுத்தது.

அந்தக் கேள்வி, இந்தப் பணத்தை ரிட்டர்னில் எந்தத் தலைப்பில் போடுவது என்பது. வீட்டு வாடகை என்று ‘வீட்டுச் சொத்து வருமானத்தில்’ போட்டால், சொத்து வரியையும் அதன்பிறகு நேராக 30 சதவீதத்தையும் கழிக்கலாம். வேறு செலவு எதுவும், தளக் கட்டணம் உள்பட, கழியாது. தொழில் வருமானம் என்றால் உண்மையான செலவுகள் எல்லாம் கழியும்; அல்லது 44ஏடி பிரிவில் வங்கி வழி வரவில் 6 சதவீதமும், ரொக்க வரவில் 8 சதவீதமும் லாபம் என்று காட்டிவிடலாம்.

அம்மாவின் பென்ஷனில் நிலையான கழிவு போக 8,85,000, வைப்பு வட்டி 1,40,000. ஆகக் கையில் 10,25,000. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி உண்டு. இங்கேதான் தலைப்பு பெரிதாகிறது. வீட்டுச் சொத்து என்று போட்டால், அந்த அறையின் பங்கு சொத்து வரி 2,000 போய், மீதியில் 30 சதவீதம் போய், 2,50,600 வருமானம். மொத்தம் 12,75,600. வரி, செஸ் எல்லாமாக 74,190 ரூபாய். உண்மையான செலவுகளைக் கழித்துத் தொழிலாகப் போட்டால், வேலைக்கார அம்மாள் சம்பளம், துணி வெளுப்பு, காலை உணவு, மின்சாரம், தளக் கட்டணம், தேய்மானம் எல்லாம் 1,55,000 ஆகி, லாபம் 2,05,000. மொத்தம் 12,30,000, 12 லட்சத்தைக் கொஞ்சம்தான் தாண்டுவதால் விளிம்பு நிவாரணம் கிடைத்து 31,200 ரூபாய் வரி. 44ஏடி-யில் 6 சதவீதம் போட்டால் 21,600 லாபம், மொத்தம் 10,46,600, வரி பூஜ்யம்.

ஒரே அறை, ஒரே பணம். 74 ஆயிரத்திலிருந்து பூஜ்யம் வரை. பார்க்கிறவருக்கு எது குறைவோ அதைப் போட்டுவிடலாமே என்றுதான் தோன்றும். பல ஆண்டு அப்படித்தான் பலரும் போட்டார்கள். மாதவாடகைக்கு விட்ட வீட்டையே தொழில் என்று காட்டினார்கள். அதைத் தடுக்கத்தான் 2024-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 28-வது பிரிவில் ஒரு விளக்கத்தைச் சேர்த்தது. உரிமையாளர் தன் குடியிருப்பு வீட்டையோ அதன் பகுதியையோ வாடகைக்கு விட்டு வரும் வருமானம் தொழில் வருமானம் ஆகாது, வீட்டுச் சொத்துதான். 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இது நடைமுறை. ‘அதன் பகுதியையோ’ என்ற சொற்களைப் படித்ததும் மாடி அறைக்காரர்கள் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கியது.

என் வாசிப்பு இது. அந்த விளக்கம் பேசுவது வாடகைக்கு விடுவதைப் பற்றி. வாடகைக்காரர் சாவியை வாங்கிக்கொண்டால் அந்த இடம் அவர் வசம். நீங்கள் கதவைத் தட்டிக் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஹோம்ஸ்டே விருந்தினர் அப்படி இல்லை. அம்மா தினமும் அறைக்குள் ஆள் அனுப்பிக் கூட்டுகிறார், படுக்கை விரிப்பு மாற்றுகிறார், சாப்பாடு தருகிறார், ஏசி ஓடாவிட்டால் ஆளை வரவழைக்கிறார், பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்கிறார். அறை எப்போதும் அவர் வசம்தான். விருந்தினர் வாங்குவது இடத்தை மட்டுமல்ல, உபசரிப்பையும்தான். அது தங்கும் விடுதி நடத்துவதற்குப் பக்கத்தில் நிற்கிறது, வீடு வாடகைக்கு விடுவதற்குப் பக்கத்தில் அல்ல. வீட்டுச் சொத்து வருமானத்தைச் சொல்கிற 22-வது பிரிவே, உரிமையாளர் தன் தொழிலுக்குப் பயன்படுத்துகிற பகுதியை வெளியே வைக்கிறது. இதில் மேசை நாற்காலி மட்டும் போதாது. 1964-இல் சுல்தான் பிரதர்ஸ் வழக்கில் கட்டடத்தையும் அறைகலனையும் பிரிக்க முடியாதபடி சேர்த்து வாடகைக்கு விட்டதை உச்ச நீதிமன்றம் தொழில் என்று எடுக்கவில்லை, இதர வருமானத்தில் சேர்த்தது. கட்டில் போட்டுக் கொடுத்தால் தொழில் ஆகிவிடாது என்பதற்கு அது போதும். வேலை செய்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

ஆகவே நான் அம்மாவிடம் கேட்டது செலவைப் பற்றி அல்ல, நடப்பைப் பற்றி. சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார்கள்? இரண்டு மூன்று நாள். யார் கூட்டுவது? சாப்பாடு உண்டா? அறிவிப்பில் அதெல்லாம் எழுதியிருக்கிறதா? வேலைக்கார அம்மாளுக்குச் சம்பளம் எப்படி? கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்; வங்கி வழியாகக் கொடுக்கச் சொன்னேன். விருந்தினர் வருகைப் பதிவேட்டை அவர் பேராசிரியர்களுக்கே உரிய ஒழுங்கோடு கோடு போட்ட நோட்டில் வைத்திருந்தார். நாளை ஒருவர் கேட்டால் காட்டத்தக்கது அந்த நோட்டுதான்.

கேள்விகளுக்கு நடுவே ஒன்று வெளிவந்தது. போன வருடம், அந்த அறையில் நர்சிங் பயிலும் ஒரு பெண் நான்கு மாதம் தங்கியிருந்தாள். தளம் வழியாக இல்லை, தெரிந்தவர் சொல்லி. தானே கூட்டிக்கொள்வாள், தானே சமைப்பாள், மாதம் 9,000. அந்த நான்கு மாத 36,000 ரூபாய் எந்த வாசிப்பிலும் வீட்டுச் சொத்து வருமானம். ஹோம்ஸ்டே வரவோடு சேர்த்து 6 சதவீதத்துக்குள் அதை ஒளிக்கக்கூடாது என்றேன். அந்த ஆண்டு ரிட்டர்னில் அது தனியாகத்தான் போக வேண்டும். இதேபோல் சரவணம்பட்டி, காளப்பட்டி பக்கம் ஐடி ஆட்கள் மூன்று மாதம், ஆறு மாதம் என்று தளம் வழியாகவே எடுக்கிறார்கள். தளத்தின் பெயர் ஒட்டியிருப்பதால் அது ஹோம்ஸ்டே ஆகிவிடாது. சாவி கொடுத்துவிட்டு மாசக் கடைசியில்தான் எட்டிப் பார்க்கிறீர்கள் என்றால் அது வாடகை.

கடைசியில் 44ஏடி. அம்மா நேராகக் கேட்டார்.

“நோட்டுல லாபம் ரெண்டு லட்சமுன்னு நானே எழுதி வெச்சிருக்கறேன். இருவத்தோராயிரமுன்னு போட்டா அது பொய் இல்லீங்களா?”

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. சட்டம் 6 சதவீதத்தைக் குறைந்தபட்ச லாபமாக அதுவே எடுத்துக்கொள்கிறது; அதற்கு மேல் சம்பாதித்ததாக நீங்கள் காட்டினால் அதை ஏற்கும். சிறு தொழிலுக்குக் கணக்குப் புத்தகத் தொல்லை வேண்டாம் என்று வகுத்த ஏற்பாடு. சட்டம் விடுகிறது என்று சொன்னேன். ஆனால் அதற்கு விலை உண்டு என்பதையும் சொன்னேன். வருடம் 21 ஆயிரம் லாபம் காட்டுகிறவருக்கு, வீட்டைப் புதுப்பிக்க அறை வருமானத்தை வைத்துக் கடன் கேட்டால் வங்கி அந்த 21 ஆயிரத்தைத்தான் பார்க்கும். ஒருமுறை 44ஏடி-க்குள் வந்தால் ஐந்து வருடம் தொடர வேண்டும். நடுவில் குறைத்துக் காட்ட வெளியே போனால் அடுத்த ஐந்து வருடம் அந்த வழி மூடும், வருமானம் வரம்புக்கு மேல் இருந்தால் புத்தகமும் தணிக்கையும் வந்து நிற்கும். இதற்கெல்லாம் மேலே, அதிகாரி ஒருவர் இது வெறும் வாடகைதான் என்று எடுத்துக்கொண்டால் 74 ஆயிரமும் வட்டியும் கேட்பார். அப்போது நோட்டும் சம்பளப் பட்டியலும்தான் நம் பக்கம் பேசும். அம்மா ஒரு நாள் யோசித்துவிட்டு 44ஏடி-யே போடச் சொன்னார், நோட்டை எழுதுவதை நிறுத்தமாட்டேன் என்றும் சொன்னார். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். ரிட்டர்ன் படிவம் ஐடிஆர்-4 ஆனது.

பிடித்தம் பற்றி ஒன்று. தளம் இந்த வரவுக்கு 194-ஓ பிரிவில் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். முதலில் 1 சதவீதம். 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதம். தனிநபர் ஒருவர் பானோ ஆதாரோ கொடுத்திருந்து, ஆண்டு மொத்தம் 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் பிடித்தமே இல்லை. கொடுக்காவிட்டால் 5 சதவீதம்; அம்மா விட்டிருந்தால் 18,000 ரூபாய் வருடம் முழுக்க முடங்கியிருக்கும். பிடித்தம் இல்லை என்பதால் அவருடைய ஏஐஎஸ் அறிக்கையில் இந்த வரவு ஏதும் தெரியவில்லை. “அதுல இல்லைன்னா காட்டோணுங்களா?” என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: ஏஐஎஸ் என்பது அரசுக்குத் தெரிந்ததின் பட்டியல், உங்கள் வருமானத்தின் பட்டியல் அல்ல. தளத்தின் கணக்கில் உங்கள் பான் இருக்கிறது, வங்கியில் மாதாமாதம் அதன் பெயரில் வரவு இருக்கிறது. மேலும், பிடித்தம் நடக்கும்போது அது தளக் கட்டணம் கழிக்காத முழுத் தொகையின் மேல் காட்டப்படும். 5 லட்சத்தைத் தாண்டிய ஒருவர் வங்கிக்கு வந்ததை மட்டும் போட்டு, ஏஐஎஸ்-இல் அதைவிடப் பெரிய எண் நிற்க, விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்த கதை எங்கள் மேஜையிலேயே நடந்திருக்கிறது.

அதே மேஜையில் அடிக்கடி வருவது பான் குழப்பம். வீடு அப்பா அம்மா பெயரில். தளத்தில் அறையைப் போட்டது பெங்களூரில் இருக்கும் மகன், தன் கைபேசியில், தன் பான் கொடுத்து. பணம் மட்டும் அப்பா வங்கிக்கு. மகன் 30 சதவீத வரிப் படியில் இருக்கிறார். வரவு அவர் பெயரில் பதிகிறது. நடத்துகிறவர் அப்பா, வீடும் அவருடையது, வருமானமும் அவருடையதே. பிடித்தம் மகன் பேரில் ஏறிவிட்டால் அதை அப்பாவுக்கு மாற்ற, மகன் தளத்துக்கு உறுதிமொழி கொடுத்து அவர்கள் தங்கள் டிடிஎஸ் அறிக்கையைத் திருத்த வேண்டும். வருமான வரி விதி 37பிஏ அதற்கு இடம் தருகிறது. ஆனால் பெரிய தளம் ஒன்றை ஒரு மாடி அறைக்காக அறிக்கை திருத்த வைப்பது பெரிய பாடு. அதைவிட மார்ச் முடியுமுன் தளத்தின் வரி விவரப் பக்கத்தில் பான், வங்கி, வீட்டுரிமை மூன்றும் ஒரே ஆள் பேரில் வரும்படி மாற்றிவிடுவது சுலபம். மகன் துணைப் பொறுப்பாளராக இருந்து செய்தி பார்த்துக்கொள்ளட்டும்.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் வேறு ஒரு நம்பிக்கையோடு வருவார்கள். தென்னந்தோப்புக்கு நடுவே ஓட்டு வீட்டைச் சரிசெய்து, வார இறுதிக்கு விருந்தினரை வைக்கிறார்கள். “தோட்டத்துல வர்ற வருமானம் எல்லாமே விவசாய வருமானமுங்க, வரி இல்லீங்க.” தேங்காய்க்கு வரி இல்லை, சரி. ஆனால் தோட்டத்துக் கட்டடத்தைக் குடியிருக்கவோ தொழிலுக்கோ விட்டு வரும் வருமானம் விவசாய வருமானம் அல்ல என்று சட்டமே, ‘விவசாய வருமானம்’ என்ன என்று சொல்லும் 2(1ஏ) பிரிவிலேயே விளக்கம் வைத்திருக்கிறது. தேங்காய்க் கணக்கு ஒரு பக்கம், அறைக் கணக்கு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் ஒரே ஆள், ஒரே பம்பு செட்டு மின்சாரம் என்று கலந்து வைத்திருப்பவர்களிடம்தான் எனக்கு வேலை அதிகம்.

இந்த வருமான வரிப் பிரிவு எண்கள் எல்லாம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தினவை. 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அன்றிலிருந்து வரும் வரவுக்கு எண்கள் மாறும். 2025-26 வரவுக்கான ரிட்டர்ன் பழைய சட்டத்திலேயே போகிறது. அம்மாவின் நோட்டில் ஏப்ரல் 1-க்கு ஒரு கோடு போட்டு, மேலே இருக்கும் இரவுகளையும் கீழே இருக்கும் இரவுகளையும் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். மார்ச் 30 இரவு வந்து ஏப்ரல் 2 கிளம்பிய கண்ணூர்க் குடும்பத்தின் மூன்று இரவில் எத்தனை எந்தப் பக்கம் போகும் என்று அவர்தான் கேட்டார். முதல் இரண்டு இரவு பழைய ஆண்டுக்கு, மூன்றாவது புதிய ஆண்டுக்கு.